பதினேழு நாள்

லாபு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தோம். அப்போதே பால்மரங்கள் போய் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீட்டின் பின்வாசலில் நின்றால் மரங்களுக்கு அப்பால் கொமுட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும். அம்மாவுக்கு அதுதான் கடிகாரம். "ஆறே முக்கா வண்டி போயிருச்சு, இன்னும் பசியாறலயா?" என்று கத்துவார். வண்டி தாமதமாக வந்தால் நாங்களும் தாமதமாகப் பசியாறுவோம்.

1995-இல் கொமுட்டர் வந்த நாளிலிருந்து அது ஏர்கோன் வண்டிதான். சிரம்பானில் ஏறினாலும் லாபுவில் ஏறினாலும் ஒரே வண்டி, தூரத்துக்கு ஏற்ற ஒரே கட்டணம். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வருகிறவரும் நீலாயில் படிக்கிற மாணவரும் ஒரே குளிரில் நடுங்கிக்கொண்டு போவார்கள். ஏர்கோன் இல்லாத வண்டி ஒன்று இருக்கக்கூடும், அதற்குத் தனி விலை இருக்கக்கூடும் என்று நான் யோசித்ததே இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னுடைய ஒரே தொல்லை, மாதம் 50 வெள்ளிக்கு எல்.ஆர்.டி.யிலும் எம்.ஆர்.டி.யிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம் என்கிற மை50 அட்டை கொமுட்டருக்குச் செல்லாது என்பது. கே.எல். சென்ட்ரலில் இறங்கி வேறு கேட்டுக்குள் நுழையும்போது என் கணக்கு இரண்டாகப் பிரியும். அதைப் பற்றி நிறையப் புலம்பியிருக்கிறேன். சென்னைக்குப் போன பிறகு அந்தப் புலம்பலை நிறுத்திவிட்டேன்.

2025 ஜூன் மாதம் கம்பெனி என்னை ஆறு மாத வேலைக்குச் சென்னை அனுப்பியது. தங்குமிடம் செங்கல்பட்டில். முதல் சில வாரம் அங்கேயே பக்கத்தில் பயிற்சி, பிறகு வேலை துறைமுகப் பக்கம். அதாவது தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரைக்கும், தடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, 60 கிலோமீட்டர்.

அந்தத் தடத்தில் அதே ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதிதான் ஏசி புறநகர் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் செய்த 12 பெட்டி வண்டி. தானாக மூடும் கதவு, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளேயே நடந்து போகலாம். ஏறியவுடன் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. சென்னைக்காரர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அது சாதாரணக் கொமுட்டர். படம் பிடிக்க வேண்டியது பக்கத்துத் தண்டவாளத்தில் கதவே மூடாமல் போன வண்டியைத்தான் என்று தோன்றியது.

விலை இப்படி. சாதாரண வண்டியில் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு இரண்டாம் வகுப்பு 15 ரூபாய். ஏசி வண்டியில் 105 ரூபாய். ஏசியில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 35 ரூபாய்க்குக் கீழே சீட்டு இல்லை. மாத பாஸ், அங்கே சிலர் சீசன் என்கிறார்கள், இந்தத் தூரத்துக்கு ஏசியில் 2115 ரூபாய். சாதாரண இரண்டாம் வகுப்பு பாஸ் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மலேசியாவிலிருந்து போகிறவன் செய்கிற முதல் தவறை நானும் செய்தேன். எல்லாவற்றையும் இருபதால் வகுத்தேன். 105 ரூபாய் என்பது ஐந்து வெள்ளி. 2115 ரூபாய் என்பது நூறு வெள்ளியும் கொஞ்சமும். சிரம்பானிலிருந்து கே.எல். வரைக்கும் மாதம் முழுக்க நூறு வெள்ளியில் போக முடியுமா? யோசிக்கவே இல்லை, ஏசி பாஸை வாங்கிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பொறியாளன் புத்தி போகாதே, எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். வேலைநாள் 22. போக வர 44 பயணம். அதில் ஏசி வண்டியில் போனது பதினைந்தே பயணம். மீதி இருபத்தொன்பதும் சாதாரண வண்டி.

எப்படி இப்படி ஆனது? ஏசி வண்டி தொடங்கும்போது ஒரே ஒரு தொடர்தான் இருந்தது. அதையே நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டினார்கள். ஆரம்ப அட்டவணையில் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு வருகிற காலை வண்டி 9 மணிக்குக் கிளம்பியது, பத்தரைக்குக் கடற்கரை. அலுவலகம் போகிறவர்களுக்கு அது எதற்கு? பயணிகள் சொன்னதைக் கேட்டு மே மாதத் தொடக்கத்தில் நேரத்தை மாற்றினார்கள். நான் போனபோது நேரம் பரவாயில்லை. ஆனால் எனக்குத் தோதாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். காலையில் ஐந்து நிமிடம் தூங்கிவிட்டால் போச்சு. மாலையில் துறைமுகத்தில் ஒரு கிரேன் சோதனை இழுத்தால் போச்சு. என் வேலையில் கிரேன் சோதனை இழுக்காத நாள் குறைவு.

பதினைந்து பயணத்துக்கு 2115 ரூபாய் என்றால் ஒரு ஏசி பயணம் 141 ரூபாய். சில்லறைச் சீட்டு வாங்கியிருந்தால் 105-தான். பாஸே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தால்கூட, ஏசிக்கு 1575, சாதாரணத்துக்கு 435, மொத்தம் 2010 ரூபாய். மாத பாஸ் வாங்கி நான் நஷ்டப்பட்டிருந்தேன். தொகை பெரிதில்லை, ஐந்து வெள்ளி. ஆனால் ஒரு பொறியாளனுக்கு அது மானப் பிரச்சினை.

பிறகுதான் இரண்டு பாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2115-ஐ 105-ஆல் வகுத்தால் இருபது வருகிறது. சாதாரண பாஸை 15-ஆல் வகுத்தாலும் இருபதை ஒட்டித்தான் வருகிறது. இரண்டுமே ஏறக்குறைய பத்து நாள் போய்வருகிற காசு. பதினோராவது நாளிலிருந்து லாபம். எழுதி வைத்த விதத்தில் இரண்டு பாஸுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வண்டியில் இருக்கிறது. சாதாரண பாஸ் வைத்திருப்பவன் எந்த வண்டி வந்தாலும் ஏறுகிறான், அதனால் அவனுடைய பாஸ் ஒவ்வொரு நாளும் வேலை செய்கிறது. ஏசி பாஸ் வைத்திருப்பவன் அந்த ஒரு வண்டியைப் பிடித்தால்தான் காசுக்கு மதிப்பு. 44 பயணமும் ஏசியிலேயே போயிருந்தால் ஒரு பயணம் 48 ரூபாய்தான் ஆகியிருக்கும். பாஸ் என்பது நாம் எப்போதும் நேரத்துக்கு வருவோம் என்று நம்மேலேயே கட்டுகிற பந்தயம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று அம்மாவைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்.

ஏசி பாஸ் சாதாரண வண்டியில் செல்லும். உயர்ந்த வகுப்புச் சீட்டை வைத்துக்கொண்டு கீழே இறங்கலாம். மிச்சக் காசு திரும்ப வராது, அவ்வளவுதான். அப்படி இறங்கிய இருபத்தொன்பது பயணங்களில்தான் அண்ணனைப் பார்த்தேன்.

ஆண்டர்சன் தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் தாள் வெட்டுகிற மெஷினில் நிற்பவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். செங்கல்பட்டிலிருந்து கிளம்புகிற வண்டி என்பதால் ஏறும்போது இடம் கிடைக்கும். ஜன்னலோரம் அவர், எதிரில் கூடுவாஞ்சேரியில் ஏறப் போகிறவருக்காக ஒரு துண்டு, நடுவில் நான். என் பேச்சைக் கேட்டதும் "தம்பி சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். அன்றிலிருந்து மலேசியா தம்பி.

என் பாஸைப் பார்த்ததும் சிரித்தார். "ஏசி பாஸ வெச்சிக்கினு இங்க வந்து வேர்த்துக்கினு இருக்கியே தம்பி."

"அந்த வண்டிய விட்டுட்டேன் அண்ணே."

"விடாம இருந்தா எங்கள எல்லாம் பாத்திருக்கவே மாட்ட." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

இரண்டாவது மாதம் கணக்கை மாற்றினேன். சாதாரண பாஸ் ஒன்று, ஏசி வேண்டுமென்கிற நாளில் தனியாக ஒரு சீட்டு. சாதாரண பாஸை முந்நூறு என்றே வைத்துக்கொள்வோம். 2115-இல் அதைக் கழித்தால் 1815 மிஞ்சும். அதை 105-ஆல் வகுத்தால் பதினேழு பயணம். மாதத்தில் பதினேழு ஏசி பயணம் வரைக்கும் இந்த வழி மலிவு, பதினெட்டாவதிலிருந்து ஏசி பாஸ் மலிவு. ஒரு பக்கம் மட்டும் தினமும் ஏசியில் போகிற ஆளுக்கு, காலையோ மாலையோ, மாதம் 22 பயணம். அவர் ஏசி பாஸ் வாங்குவதே சரி. என்னைப்போல வாரத்துக்கு நான்கு தடவைக்குமேல் பிடிக்க முடியாதவனுக்குச் சாதாரண பாஸ்தான்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. விழுந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சாதாரண பாஸை வைத்துக்கொண்டு ஏசியில் ஏற முழு 105 ரூபாய்ச் சீட்டு எடுக்க வேண்டும். பாஸ்தான் இருக்கிறதே, மீதி 90 கொடுத்தால் போதாதா என்று மனம் சொல்லும். அப்படி ஒரு சீட்டு இல்லை. அதோடு, அந்தச் சீட்டை ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். கைப்பேசியில் அப்போது யுடிஎஸ் செயலி இருந்தது, ஆனால் நடைமேடையில் தண்டவாளத்தின் அருகில் நின்றுகொண்டு அதில் சீட்டு எடுக்க முடியாது. இருக்கிற இடத்தைச் செயலி கண்டுபிடித்துவிடும். நிலையத்துக்கு வெளியே நின்று எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கிற கியூஆர் கட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும். காரணம் எளிது. பரிசோதகரைக் கண்டதும் சீட்டு எடுக்கக்கூடாது அல்லவா? ரொம்ப முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து எடுத்தாலும் சிக்கல். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும், கைப்பேசியில் காட்டுகிற சீட்டை ரத்து செய்யவும் முடியாது. ஏசி வண்டியை நம்பி 105 ரூபாய் கட்டிவிட்டு, வழியில் ஆட்டோ நெரிசலில் மாட்டி வண்டியை விட்டால், அந்த 105 ரூபாயோடு சாதாரண வண்டியில் போக வேண்டியதுதான்.

நான் மாட்டியது இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு. ஒரு காலை, ஓடி வந்தேன், கதவு திறந்திருந்தது, ஏறிவிட்டேன். உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். கதவு மூடிற்று. கைப்பேசியை எடுத்தேன், செயலி முடியாது என்றது. அடுத்த நிலையம் பரனூர். அங்கே இறங்கி அடுத்த சாதாரண வண்டியைப் பிடித்திருக்கலாம். குளிர் சுகமாக இருந்தது, இறங்கவில்லை. தாம்பரம் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். என் பாஸை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது செகண்ட் கிளாஸ் ஆர்டினரி சார். இந்த வண்டிக்கு ஆகாது."

நான் கொமுட்டர் பழக்கம் என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். அது அவருக்கு எதற்கு? பயணக் கட்டணம், அதற்குமேல் அபராதம் குறைந்தது 250 ரூபாய். சட்டமே அதுதான், சீட்டே இல்லாதவனுக்கும், தகுந்த சீட்டு இல்லாமல் உயர்ந்த வகுப்பில் ஏறியவனுக்கும் அந்த 250 பொது. மரியாதையாகவே ரசீது எழுதினார். அந்த மாதம் நான் புத்திசாலித்தனமாக மிச்சப்படுத்தியது அந்தக் காகிதத்தில் போய்விட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது காசைவிட வலித்தது.

ஊரில் இது நடக்காது. நம் ஊரில் கேட்தான் பரிசோதகர். அட்டையைத் தட்டினால் திறக்கும், காசு இல்லை என்றால் திறக்காது, உள்ளே போனவனுக்கு எல்லாப் பெட்டியும் ஒன்று. சென்னைப் புறநகர் நிலையங்களில் கேட் கிடையாது. ஒரே நடைமேடை, 15 ரூபாய் வண்டி போன பின்னால் 105 ரூபாய் வண்டி வரும், ஏறுகிறவன் தன் சீட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும். தடுப்பு வெளியே இல்லாததால் மனதுக்குள் இருக்க வேண்டியிருக்கிறது.

ஏசி வண்டியில் போகிற நாள்களில் நான் நடைமேடையில் வேறு இடத்தில் நிற்க ஆரம்பித்தேன். அண்ணன் நிற்கிற இடத்தில் நின்றால் "என்ன தம்பி, இன்னிக்கு ஏசியா?" என்பார். அதில் குற்றம் ஒன்றுமில்லை, இருந்தாலும் எனக்குக் கூசும். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டேன், நான் சீட்டு எடுக்கிறேன் வாங்க அண்ணே என்று. "ஒரு நாளைக்கு நீ எடுப்ப. உள்ள போய் பழகிட்டா மறுநாளு யாரு எடுக்கறது?" என்றார். அவருடைய சம்பளம் பதினான்காயிரம் என்று வேறொரு பேச்சில் சொல்லியிருந்தார். இருபதால் வகுக்கிற என் கெட்ட பழக்கத்தை அன்று விட்டேன். 2115 என்பது அவருக்கு மாதச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஏசி வண்டி கூடக்கூட, அது ஓடுகிற நேரத்தில் ஓட வேண்டிய சாதாரண வண்டி இல்லாமல் போய்விடுமோ என்று. நான் பம்பாய் கதையைச் சொன்னேன். அங்கே 2017 கிறிஸ்துமஸ் அன்று மேற்கு ரயில்வேயில் முதல் ஏசி லோக்கல் ஓடியது. விலை அதிகம், கூட்டம் இல்லை. 2022 மே மாதம் ஒற்றைப் பயணக் கட்டணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். சர்ச்கேட்டிலிருந்து விரார் வரைக்கும் 220 ரூபாயாக இருந்தது 115 ஆனது. குறைத்தது சில்லறைச் சீட்டை மட்டும்தான், பாஸை இல்லை. கூட்டம் வந்தது. வந்ததும் இன்னும் வண்டி விட்டார்கள். ஆகஸ்ட் மாதம் மத்திய ரயில்வே பத்து ஏசி சேவைகளைச் சேர்த்தபோது, அவை சாதாரண வண்டிகளின் நேரத்தைப் பிடித்துக்கொண்டன. கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பயணிகள் மறியல் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் பத்தையும் திரும்பப் பெற்று, பழையபடி சாதாரண வண்டிகளை விட்டார்கள்.

"பாத்தியா," என்றார் அண்ணன், ஏதோ அவரே மறியல் செய்த மாதிரி.

அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் இன்னொரு வசதி செய்தார்கள். முதல் வகுப்பு பாஸ் வைத்திருப்பவர்கள் வித்தியாசத்தைக் கட்டி அதை ஏசி பாஸாக மாற்றிக்கொள்ளலாம். மாத நடுவில் மனம் மாறுகிறவனுக்கு அது பெரிய உதவி. அங்கே ஏசி பாஸ் வைத்திருப்பவர் சாதாரண வண்டியின் முதல் வகுப்பிலும் உட்காரலாம். ஆனால் இந்த ஏணி முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாம் வகுப்பு பாஸ்காரனுக்கு அதில் படி இல்லை. அதைச் சொன்னபோது அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

அக்டோபரில் அம்மா வந்தார். தோட்டத்தை விட்டு முதல் தடவையாக விமானம் ஏறியவர். மயிலாப்பூர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். ஏசி வண்டிக்கு நிலையத்திலேயே கௌண்டரில் இரண்டு சீட்டு எடுத்தேன், 210 ரூபாய். அம்மா நுழைவாயிலில் நின்றுவிட்டார்.

"கார்டு தட்டற எடம் எங்கடா?"

"இங்க அது இல்லம்மா."

"அப்ப யாரு வேணா ஏறிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். வண்டிக்குள் உட்கார்ந்ததும் சேலையை இழுத்துப் போர்த்தினார். கொமுட்டரிலும் அப்படித்தான் செய்வார். பக்கத்துத் தண்டவாளத்தில் எங்களோடு கொஞ்ச தூரம் ஒரு சாதாரண வண்டி ஓடிவந்தது. கதவில் தொங்கிக்கொண்டு பையன்கள். "அதுல ஏர்கோன் கெட்டுப்போச்சா?" என்றார். இல்லம்மா, அது வேற வண்டி, பதினஞ்சு ரூபா வண்டி என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அந்த வண்டியையே பார்த்தார். "திரும்பி வரப்ப அதுல வருவோம்," என்றார். வந்தோம். அம்மா மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டார். செங்கல்பட்டில் இறங்கும்போது கையில் கொய்யாப்பழம், நான்கு பேரின் குடும்ப வரலாறு, வேர்த்து வழிந்த முகம்.

நவம்பரில் அண்ணனுக்கு முட்டி வீங்கிவிட்டது. காலை ஏறும்போது பிரச்சினை இல்லை, கிளம்புகிற இடம், உட்கார்ந்துவிடுவார். மாலைதான் கஷ்டம். கடற்கரைக்கு அவர் கடையிலிருந்து நடந்து வருவதற்குள் வண்டி நிறைந்துவிடும், தாம்பரம் வரை நிற்க வேண்டும். மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு இன்னும் ஒரு மணி நேரம். டாக்டர் நிற்காதே என்கிறார். மாலை ஏசி வண்டியில் அவ்வளவு நெருக்கம் இல்லை.

"உன் நோட்டுல கணக்கு போடுவியே, எனக்கும் ஒண்ணு போடு," என்றார்.

போட்டேன். அவருக்கு வாரம் ஆறு நாள் வேலை, மாதம் 26 நாள். காலை சாதாரண வண்டி, மாலை தினமும் ஏசி என்றால் 26 சீட்டு, 2730 ரூபாய். அதற்கு மேல் காலைக்குச் சாதாரண பாஸ் வேறு. ஏசி பாஸ் வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்து 2115 தான். கணக்குப்படி ஏசி பாஸே சரி. ஆனால் முழுப் பணத்தையும் முதல் நாளே கட்ட வேண்டும், பாதியில் முட்டி சரியாகிவிட்டால் மீதி வராது. நான் அதையும் எழுதினேன். பக்கத்தில் இன்னொரு வரி: சாதாரண பாஸ், வலி அதிகமான நாளில் மட்டும் ஏசிச் சீட்டு, பதினேழு நாள் வரைக்கும் இதுவே மலிவு.

காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த மாதம் கட்ட வேண்டியிருந்தது எனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மறைமலைநகர் தாண்டியது.

"அப்ப பதினேழு நாள் வலிக்கலாம்," என்றார். "பதினெட்டாவது நாளு வலிச்சாதான் நஷ்டம்."

எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். காகிதத்தை நான்காக மடித்து, பாஸ் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையில், அவருடைய புகைப்படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார். டிசம்பர் முதல் வாரம் நான் ஊர் திரும்பினேன். அதுவரைக்கும் அவர் ஏசியில் ஏறியது ஒன்பது நாள்.